வினாத்தாளை மொழிபெயர்த்தது யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கொழிஞ்சாம்பாறை பக்கம். எம்.காம். கடைசி செமஸ்டர். சித்தூர் தாலுகாவில் 60 பால் மாட்டுக்காரர்களிடம் சர்வே எடுத்து புராஜெக்ட் எழுதியிருக்கிறேன். வினாத்தாளைத் தமிழிலும் மலையாளத்திலும் மாற்றியது, கை-ஸ்கொயர் கணக்குக்கு பைதான் கோட் எழுதியது, மூன்றாம் அத்தியாயத்தின் ஆங்கிலத்தைத் திருத்தியது மூன்றும் சாட்ஜிபிடி. கைடு “தேங்க்ஸ் பேஜ்ல ஒரு வரி போட்டா போதும்” என்கிறார். சீனியர்கள் சொல்லவே வேண்டாம் என்கிறார்கள். சிமிலாரிட்டி 8 சதவீதம்தான் வந்தது. இன்னொன்று: எனக்கு p மதிப்பு 0.087. கைடு எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் போட்டால் 0.047. வினாத்தாளையும் அட்டவணையையும் இணைத்திருக்கிறேன். எங்கே, எப்படி எழுதுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த 8 சதவீதத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்பது சரி. ஆனால் அது, உங்கள் வரிகள் ஏற்கெனவே அச்சிலோ இணையத்திலோ இருக்கும் வரிகளோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு. சாட்ஜிபிடி வெளியானதே 2022 நவம்பரில். அது புதிதாகக் கோத்துக் கொடுக்கும் வாக்கியம் பெரும்பாலும் எதனோடும் ஒத்துப்போகாது. 8 வந்தாலும் 0 வந்தாலும் உங்கள் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

நன்றிப் பக்கமும் சரியான இடமில்லை. ஐ.இ.இ.இ. இதழ்களில் ஏ.ஐ. உதவியை நன்றியுரைப் பகுதியில்தான் சொல்லச் சொல்கிறார்கள், உண்மை. அங்கேயும் எந்தக் கருவி, கட்டுரையின் எந்தப் பகுதி, எவ்வளவு தூரம் என்று சொல்லியாக வேண்டும். நம் கல்லூரி புராஜெக்டுகளில் நன்றிப் பக்கம் அம்மா, அப்பா, ஹெச்.ஓ.டி., தோழிகள் வரிசை. அதில் ஒரு பெயராக அது நின்றால் தேர்வாளருக்கு எதுவும் தெரியாது. செய்த வேலை எந்த அத்தியாயத்தைத் தொடுகிறதோ அந்த அத்தியாயத்தில் எழுதுங்கள். டிக்ளரேஷனுக்கு அடுத்த பக்கத்தில் சிறு குறிப்பு ஒன்று போட்டு அந்த இடங்களைச் சுட்டுங்கள்.

உங்கள் மூன்று உதவிகளில் எது பெரிது? கோட் என்று நினைக்கிறீர்கள். எனக்கு மொழிபெயர்ப்பு என்றுதான் படுகிறது. இருந்தாலும் கோடிலிருந்தே ஆரம்பிக்கிறேன், கைடு அங்கேதான் நிற்கிறார்.

உங்கள் அட்டவணைப்படி சொசைட்டியில் பால் ஊற்றும் 36 வீடுகளில் 27 பேர் தீவனம் விலைக்கு வாங்குகிறார்கள், 9 பேர் வாங்குவதில்லை. சொசைட்டியில் சேராத 24 வீடுகளில் 12 பேர் வாங்குகிறார்கள், 12 பேர் இல்லை. இதை இப்படி ஓட்டிப் பாருங்கள்:

```python
from scipy.stats import chi2_contingency
t = [[27, 9], [12, 12]]
print(chi2_contingency(t)[:2])
print(chi2_contingency(t, correction=False)[:2])
```

முதல் வரி கை-ஸ்கொயர் 2.93, p 0.087 என்று தரும். இரண்டாவது 3.96, 0.047. இரண்டுக்கு இரண்டு அட்டவணை என்றால் இந்த ஃபங்ஷன், கை-ஸ்கொயரைச் சற்றுக் குறைத்துப் போடும் யேட்ஸ் திருத்தத்தைக் கேட்காமலே சேர்த்துவிடும். வேண்டாம் என்றால் நாம்தான் `correction=False` என்று எழுத வேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ். இரண்டையும் அடுத்தடுத்த வரியில் காட்டும். கைடு முதல் வரியைப் படித்திருக்கிறார், இரண்டாவது வரியில் உங்கள் எண் இருக்கும். யாரும் தப்பாகப் போடவில்லை. ஆனால் இந்தத் திருத்தம் வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யவில்லை, கோடில் அது இருந்ததும் உங்களுக்குத் தெரியாது. “பகுப்பாய்வு பைதானில் செய்யப்பட்டது” என்ற ஒற்றை வரி மறைப்பது இதைத்தான். வைவாவில் “ஏன் யேட்ஸ்?” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஆகவே முறையியல் அத்தியாயத்தில், கோடின் முதல் வடிவம் எந்தக் கருவியில் எந்தத் தேதியில் பெறப்பட்டது, யேட்ஸ் திருத்தம் சேர்ந்ததா இல்லையா, எண்களை எதில் மறுபடி சரிபார்த்தீர்கள் என்று மூன்று வாக்கியம் எழுதுங்கள். முழுக் கோடும் பின்னிணைப்பில் போகட்டும். இரண்டு p மதிப்புகளையும் கொடுங்கள். முடிவைப் பார்த்தபின், வழக்கமான எல்லையான 0.05க்குக் கீழே இருப்பதை மட்டும் எடுத்து வைப்பது ஏ.ஐ. இல்லாத காலத்திலும் தப்புதான்.

இப்போது வினாத்தாள். ஆங்கிலத்தில் 7ஆவது கேள்வி கடையில் வாங்கும் கலப்புத் தீவனத்தைப் பற்றியது. 8ஆவது புல், சோளத்தட்டு, வைக்கோல் பற்றியது. தமிழ்ப் படிவத்தில் இரண்டுக்கும் “தீவனம்” என்றே வந்திருக்கிறது. மலையாளப் படிவத்தில் ஒன்று காலித்தீற்ற, மற்றது தீற்றப்புல்லு. அங்கே குழப்பமில்லை. உங்கள் 60 பேரில் தமிழ்ப் படிவம் நிரப்பியவர்கள் 41 பேர், மலையாளம் 19. அதாவது ஒரே எண் போட்ட கேள்விக்கு இரண்டு கூட்டமும் வேறு வேறு பொருளில் பதில் சொல்லியிருக்கலாம். வைக்கோல் மட்டும் விலைக்கு வாங்குகிறவரும் “தீவனம் வாங்குகிறீர்களா?” என்றால் ஆமாம் என்றுதான் சொல்வார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஊரில் இருக்கும் சொல்லில், புண்ணாக்கா தட்டா என்று கேட்டிருந்தால் பிரித்துச் சொல்லியிருப்பார்.

இது நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க வழி உண்டு. தமிழ்ப் படிவங்களை மட்டும் எடுத்து 7, 8 இரண்டின் மாதச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ஒரே தொகை அடிக்கடி வந்தால், அல்லது 8இல் “மேலே சொன்னதுதான்” என்று எழுதியிருந்தால், சந்தேகமே இல்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்டால், சொசைட்டி வீடுகளில் ஒரே ஒரு ஆமாமை இல்லை என்று மாற்றிப் பாருங்கள். 27, 9 என்பது 26, 10 ஆகும். கைடு போட்ட அதே முறையில், திருத்தம் இல்லாமல், p 0.047லிருந்து 0.080க்குப் போய்விடும். ஒரு வீடு. யேட்ஸா இல்லையா என்று நீங்களும் கைடும் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்த 27ஐயே “தீவனம்” என்ற ஒரு சொல் ஆட்டிக்கொண்டிருக்கிறது.

மொழிபெயர்ப்பை மறைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். வினாத்தாள் என்பது அளவுகோல். அளவுகோலைச் செய்தது யார், சரிபார்த்தது யார் என்பது முறையியலின் முதல் செய்தி. சரிபார்ப்பதற்குப் பழைய வழியே போதும்: ஆங்கில மூலத்தைப் பார்க்காத, இரு மொழி தெரிந்த ஒருவரிடம் தமிழ்ப் படிவத்தைக் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதச் சொல்வது. 7உம் 8உம் ஒரே வாக்கியமாகத் திரும்பி வந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். மொழிபெயர்த்த அதே கருவியிடம் திருப்பிக் கேட்பது சரிபார்ப்பு ஆகாது. முந்தைய உரையாடலில் ஆங்கில மூலம் கிடக்கிறது, அதைப் பார்த்தே எழுதிக் கொடுத்துவிடும்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். அறிக்கை ஆங்கிலத்தில் என்பதால் உங்கள் ஆங்கிலத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாமல்:

“வினாத்தாளின் தமிழ், மலையாள வடிவங்களின் முதல் வரைவு சாட்ஜிபிடியில் (மாடல் பெயர், தேதி) பெறப்பட்டது. களப்பணிக்கு முன் மறுமொழிபெயர்ப்புச் சோதனை செய்யப்படவில்லை. தமிழ்ப் படிவத்தில் 7, 8 ஆம் கேள்விகளில் ஒரே சொல் வந்தது பின்னர் தெரிந்தது. தமிழ்ப் படிவம் நிரப்பிய 41 பேரில் இத்தனை பேரிடம் இந்த இரு கேள்விகளும் மீண்டும் கேட்கப்பட்டன. அட்டவணை திருத்திய பதில்களைக் கொண்டது. கேட்ட வாசகங்களும் கிடைத்த பதில்களும் பின்னிணைப்பில் உள்ளன.”

குறையை ஒத்துக்கொள்கிறதே என்று பயப்பட வேண்டாம். ‘கருவியைப் பயன்படுத்தினேன், முழுப் பொறுப்பும் என்னுடையது’ என்று அழகாக எழுதி வேறெதுவும் சொல்லாத குறிப்பைவிட இதை எந்தத் தேர்வாளரும் மதிப்பார்.

மாடல் பெயர் உரையாடல் திரையில் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தேதி முக்கியம், ஏனென்றால் அதே கேள்விக்கு நாளை வேறு பதில் வரலாம். பகிர்வு லிங்க்கை மட்டும் நம்பாதீர்கள். உரையாடலை அழித்தால் லிங்க்கும் செத்துவிடும். பி.டி.எஃப். ஆக எடுத்து வையுங்கள். அந்த உரையாடலில் மாட்டுக்காரர்களின் பெயரோ போன் நம்பரோ இருந்தால் பின்னிணைப்பில் கறுப்படித்து விடுங்கள். உண்மையில் அவற்றை அங்கே ஒட்டியிருக்கவே கூடாது.

மேற்கோள் பட்டியல் பற்றி: ஏ.பி.ஏ. முறை என்றால் கருவியை உருவாக்கிய நிறுவனம் ஆசிரியர் இடத்தில் வரும், பிறகு ஆண்டு, கருவியின் பெயர், பதிப்பு, சதுர அடைப்பில் அது பெரும் மொழி மாதிரி என்ற வகைக் குறிப்பு, இணைய முகவரி. எம்.எல்.ஏ. முறை அதை ஆசிரியராக வைக்காது, நீங்கள் கேட்ட கேள்வியைத் தலைப்பு இடத்தில் போடச் சொல்லும். கல்லூரி எதைச் சொல்கிறதோ அது. ஆனால் “கேரளத்தில் பால் உற்பத்தி இவ்வளவு” என்ற தகவலுக்கு அதை மேற்கோள் காட்டாதீர்கள். அந்த எண் எந்த அரசு அறிக்கையிலிருந்து வந்தது என்று தேடி, அறிக்கையைத் திறந்து பார்த்து, அதைக் காட்டுங்கள். அது கொடுத்த ஆய்வுக் கட்டுரை ஏதாவது பட்டியலில் இருந்தால் டி.ஓ.ஐ. எண்ணை doi.org இல் போட்டுப் பாருங்கள். திறக்காவிட்டாலோ, வேறு தலைப்பு திறந்தாலோ எடுத்துவிடுங்கள்.

ஆங்கிலத் திருத்தம் மூன்றிலும் சிறியது, ஒரு வாக்கியம் போதும். ஆனால் திருத்துவதற்கு முந்தைய வரைவைக் கட்டாயம் வைத்திருங்கள். ஏ.ஐ. எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் பற்றி 2023இல் வந்த ஓர் ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தாங்களே எழுதிய டோஃபல் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏ.ஐ. எழுத்து என்று முத்திரை விழுந்தது. நம் பிள்ளைகள் எழுதும் எளிய ஆங்கிலம் அந்த வலையில் சுலபமாக மாட்டும். அப்போது காட்டுவதற்கு கூகுள் டாக்ஸின் பழைய வடிவங்களைத் தவிர வேறொன்றும் கையில் இருக்காது.

சீனியர்கள் சொல்வதைப் பற்றி ஒன்றுதான். டிக்ளரேஷனில் ‘இது என் சொந்த வேலை’ என்று கையெழுத்துப் போடப்போவது நீங்கள். கைடுக்கு இந்தக் குறிப்பை மெயிலில் அனுப்பி, இப்படியே சேர்க்கலாமா என்று கேட்டு, பதிலை எடுத்து வையுங்கள். பல்கலைக்கழகம் வேறு படிவம் கேட்டால் அதில் மாற்றி எழுதலாம்.

அதற்கு முன் அந்த 41 பேருக்கும் போன் போடுங்கள். இரண்டே கேள்வி: “கடையில புண்ணாக்கு, கலப்புத் தீவனம் வாங்குறீங்களா?” “தட்டு, வைக்கோல் விலைக்கு வாங்குறீங்களா?” காலையில் கறவை முடிந்து சொசைட்டிக்குப் பால் கொண்டுபோய்த் திரும்பியபின் கூப்பிடுங்கள், அதற்கு முன்னால் யாரும் எடுக்கமாட்டார்கள்.