பாதி விலைப் புத்தகமும் பே லேட்டர் பாக்கியும்

கேள்வி: மகள் இரண்டாம் முறையாக நீட்டுக்குப் படிக்கிறாள். நாத்தனார் மகன் தந்த பட்டியலைப் பார்த்து, பாதி விலை என்பதால் பே லேட்டரில் 4,800 ரூபாய்க்கு ஆன்லைனில் புத்தகங்கள் வாங்கினேன். அதில் 1,500 ரூபாய்ப் புத்தகங்கள் டூப்ளிகேட் என்கிறாள். தவணையும் இரண்டு மாதம் தவறிவிட்டது. இப்போது 6,000 ரூபாய் கைடு செட்டை நோ காஸ்ட் இஎம்ஐயில் வாங்கலாமா? - ஒரு வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம் அம்மா. பழைய பாக்கி தீரும்வரை எந்த செட்டும் வேண்டாம்.

கையிலிருந்து பணம் கொடுத்திருந்தால் பார்சல் வந்த அன்றே பிரித்துப் பார்த்திருப்பீர்கள். அடுத்த மாதம்தானே கட்டப்போகிறோம் என்றதும் அது அலமாரிக்குப் போய்விட்டது, திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்துவிட்டது. தாமதக் கட்டணம் மாதம் 295 என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 590. டூப்ளிகேட்டில் போன 1,500-ஐச் சேர்த்தால் 2,090. என்சிஇஆர்டியின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல், உயிரியல் பத்துப் புத்தகங்களும் அச்சிட்ட விலையிலேயே ஏறக்குறைய இந்தப் பணத்துக்குள் வந்துவிடும். நோ காஸ்ட் என்ற பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். செயலாக்கக் கட்டணம், வட்டி மீதான ஜிஎஸ்டி என்று பின்வாசல் வழியே வரும்.

என்சிஇஆர்டி புத்தகத்தின் விலையே குறைவு. அதைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் முதலில் சந்தேகம்தான் வர வேண்டும். பிரித்ததும் பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். 80 ஜிஎஸ்எம் தாள், என்சிஇஆர்டி வாட்டர்மார்க் என்று அங்கே அச்சிட்டிருப்பார்கள். உள்பக்கம் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த முத்திரை தெரிய வேண்டும். டூப்ளிகேட்டில் பெரும்பாலும் தெரியாது. தாள் மெலிந்து பின்பக்க எழுத்து தெரியும், உயிரியல் படங்களில் பாகங்களின் பெயர்கள் மங்கிக் கிடக்கும். விலைமேல் ஸ்டிக்கரோ ரப்பர் ஸ்டாம்போ இருந்தால் ஏற்காதீர்கள் என்று அதே பக்கத்தில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அசல் புத்தகமாக இருந்தாலும் பதிப்பு பழையதாக இருக்கலாம். நாத்தனார் மகன் எந்த வருடம் தேர்வு எழுதினான்? 2024 நீட்டிலிருந்து பாடத்திட்டம் குறைந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் முதல் பாகத்தின் பொருளடக்கத்தைத் திறங்கள். முதல் பாடம் 'சாலிட் ஸ்டேட்' என்றால் பழைய பதிப்பு. புதியது 'சொல்யூஷன்ஸ்' என்று தொடங்கும். நீங்கள் கேட்கும் கைடு செட்டின் பொருளடக்கத்திலும் 'சாலிட் ஸ்டேட்' இருந்தால், தேர்வில் வராத பாடத்துக்கும் சேர்த்துத்தான் தவணை கட்டுவீர்கள்.

முதலில் பே லேட்டர் பாக்கியை முழுசாகக் கட்டி அந்த வசதியையே மூடிவிடுங்கள். அதுவரை ncert.nic.in தளத்தில் புத்தகங்கள் பிடிஎஃப் வடிவில் இலவசமாகவே இருக்கின்றன. டூப்ளிகேட் பக்கங்களைப் படமெடுத்து, ரசீதோடு விற்ற தளத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள்.