சுருட்டை முடிக்குக் கலர் போடப்போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

அக்கா, எனக்கு நல்ல கறுப்புச் சுருட்டை, ஒவ்வொரு வளையமும் பென்சில் கனம்தான் இருக்கும். காப்பர் கலர் ஆசை. சுருள் போய்விடுமா?

கலரை விட, கலருக்கு முன்னால் கறுப்பை எடுக்கப் போடுகிற ப்ளீச்சைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். முடி அந்த வளைவில் நிற்பதற்கு உள்ளே இருக்கிற கந்தகப் பிணைப்புகள் வேண்டும், ப்ளீச் நிறத்தைக் கரைக்கும்போது அவற்றிலும் கொஞ்சத்தை உடைத்துவிடும். நம் கறுப்பில் காப்பர் பளிச்சென்று தெரிய நான்கைந்து படியாவது வெளுக்க வேண்டியிருக்கும். பர்கண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை, ப்ளீச் போடாமலே, கலரை வேலை செய்ய வைக்கிற பெராக்சைடு திரவமான டெவலப்பரில், 20 வால்யூம் வீரியத்தில் கலந்து போடலாம். ஆனால் வீட்டுக்குள் கறுப்பாகத்தான் இருக்கும், வெயிலில் போனால்தான் சிவப்பு தெரியும்.

இல்லை, காப்பர்தான் என்றால் முதலில் பிடரிப் பக்கம் வெளியே தெரியாத ஒரே ஒரு சுருளில் போட்டுப் பாருங்கள். காய்ந்த நிலையில், இழுக்காமல், அதன் நீளத்தை ஸ்கேலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 20 வால்யூமில் ப்ளீச் கலந்து, சூடு காட்டாமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, நிறம் வந்ததும் கழுவிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது ஒரு முடியை மெல்ல இழுத்தால் கொஞ்சம் நீண்டு திரும்பிவிட வேண்டும். பிசுபிசுவென்று நீண்டுபோய் அப்படியே நின்றால் ஆசையை விட்டுவிடுங்கள். முதல் நாள் கண்டிஷனர் கனத்தில் எல்லாச் சுருளும் தொங்கும், அதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், இரண்டு மூன்று தலைக்குளியல் போன பிறகு மறுபடி அளங்கள். 12 செ.மீ. இருந்த சுருள் 14 ஆகியிருந்தால் தலை முழுக்கவும் அப்படித்தான் ஆகும். அதைத் தாங்க முடியுமென்றால் மட்டும், அதுவும் மேலே தெரிகிற சில சுருள்களில் மட்டும் போடுங்கள்.

கெமிக்கலே வேண்டாம், மருதாணி போட்டால் சுருளுக்கு ஒன்றும் ஆகாது. சரிதானே?

பாதி சரி. பிணைப்பை உடைக்காது, ஆனால் மருதாணிச் சாயம் முடியில் ஒட்டிக்கொண்டு, போடப் போட ஏறிக்கொண்டே இருக்கும். மாதாமாதம் நுனிவரை பூசுகிற பலருக்குச் சுருள் தளர்வதைப் பார்க்கிறேன், சிலருக்குப் பல வருடம் போட்டும் ஒன்றும் ஆவதில்லை. வேரில் மட்டும் போட்டால் இந்தக் கவலை குறையும். 'கறுப்பு மருதாணி' பாக்கெட் மட்டும் வேண்டாம். சிலவற்றில் பிபிடி என்கிற டை இருக்கும், சிலவற்றில் உலோக உப்பு. உலோக உப்பு ஏறிய முடியில் பிறகு ப்ளீச் போட்டால் தலையிலேயே சூடேறி முடி ஒடிந்து உதிரலாம்.

நான் ஸ்மூத்தனிங் செய்திருக்கிறேன் மேடம். கலர் போட்டால் பழைய சுருள் திரும்பி வருமா?

வராது. கேள்வியே தலைகீழாக இருக்கிறது! வேரிலிருந்து புதிதாக வளர்வதில்தான் சுருள் வரும். நிரந்தர ஸ்மூத்தனிங் செய்த பகுதியில் ப்ளீச் படவே கூடாது, ஒடிந்து கையோடு வரும்.

நான் பார்லர் வைத்திருக்கிறேன். சுருட்டை முடிக்கு எப்போதும் 10 வால்யூம்தான் என்று சிலர் சொல்கிறார்கள். நரை பிடிக்கவே பிடிக்காதே? நான் 20தான் போடுவேன், கடைசி ஐந்து நிமிடம் கலரை நுனிவரை இழுத்துவிடுவேன், பளபளப்பு வரும்.

நரைக்கு 20 என்பதில் நானும் உங்கள் கட்சி. முரட்டு நரை 10-க்கு மசியாது. அந்த ஐந்து நிமிடம்தான் எனக்கு ஒப்பவில்லை. மாதம் ஒருமுறை வருகிறவருக்கு ஒரு வருடத்தில் பழைய நுனி பன்னிரண்டு தடவை டெவலப்பரைக் குடிக்கிறது. வேரில் சுருள், நுனியில் நீட்டம் என்று வருபவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். நுனி வெளிறியிருந்தால் டெவலப்பரே இல்லாத கலர் கண்டிஷனர் போதும். 48 மணி நேரத்துக்கு முன்னால் காதுக்குப் பின்னால் டையைத் தடவிப் பார்க்கச் சொல்கிறீர்கள்தானே?

அதைச் சொல்கிறேன். ஆனால் நுனி விஷயத்தில் நான் மாறப்போவதில்லை, என் கஸ்டமர்கள் யாரும் குறை சொன்னதில்லை.

சரி, அடுத்த முறை ஒருவருக்கு இடப்பக்கம் மட்டும் இழுக்காமல் விட்டு, ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கத்தையும் பாருங்கள்.

ப்ளீச்சுக்கு அப்புறம் முன்நெற்றிப் பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பிணைப்பை ஒட்டவைக்கும் க்ரீம் வாங்கலாமா?

வாங்கலாம். ஒடிவது குறையும், முடி கொஞ்சம் கெட்டியாகும். பழைய வளையம் எவ்வளவு திரும்பும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது, முழுசாகத் திரும்பியதை நான் பார்த்ததில்லை. ஒன்று சொல்லுங்கள், கலர் போட்ட அன்றே பார்லரில் ப்ரஷ் வைத்து நீட்டி ட்ரையர் போட்டார்களா? முன்நெற்றி முடி மெலிசு, ப்ளீச்சும் அதில் சீக்கிரம் ஏறும், அதன்மேல் சூடும் பட்டிருந்தால் இப்படித்தான் நிற்கும். அந்தப் பகுதியை ஓரிரு அங்குலம் வெட்டினால் கனம் குறைந்து கொஞ்சம் சுருண்டு ஏறும். மீதி, மாதம் சுமார் 1 செ.மீ. என்று வேரிலிருந்து வளர்ந்து வர வேண்டியதுதான். அதுவரை அந்தப் பக்கம் ப்ளீச் போடாதீர்கள்.