பழைய புத்தகமும் போன் ரெக்கார்டரும்

"ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன். கோச்சிங் சேர வசதியில்லை. மூர் மார்க்கெட்டில் வாங்கிய நாலு பழைய பயிற்சிப் புத்தகங்கள் ஆடியோவோடு இருக்கின்றன. லிசனிங், ஸ்பீக்கிங் இரண்டையும் இவற்றை வைத்தே பழகலாமா? என் குரலை போனில் பதிந்தால் எதைக் கவனிப்பது?"
– வாசகி, தண்டையார்பேட்டை

பழகலாம். முதலில் புத்தகம் வந்த வருடத்தைப் பாருங்கள். 2001 ஜூலையில் ஸ்பீக்கிங் தேர்வின் வடிவம் மாறியது. அதற்கு முந்தைய புத்தகமென்றால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். லிசனிங்கில், 2020-க்கு முந்தைய புத்தகங்களில் முதல் பகுதி ஒரு மாதிரி வினா விடையோடு தொடங்கும். இப்போது அது கிடையாது. மற்றபடி நாலு பகுதி, 40 கேள்வி, ஆடியோ ஒரே தடவைதான்.

தினம் ஒரு டெஸ்ட் என்று ஓட்டித் தீர்த்துவிடாதீர்கள். ஒரு டெஸ்டை நிறுத்தாமல் கேட்டு எழுதி, திருத்துங்கள். உடனே ஆடியோவின் எழுத்து வடிவத்தைப் புரட்டாமல், தப்பான இடங்களை மட்டும் இன்னொரு தடவை கேளுங்கள். அப்புறம்தான் படிக்க வேண்டும். நம்மவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது, 'டிக்கெட்ஸ்' என்பதை 'டிக்கெட்' என்று எழுதுவது. அதற்கு மார்க் இல்லை. "ரெண்டு டிக்கெட் குடுங்க" என்றே பேசிப் பழகிய காது, கடைசி 'ஸ்' ஒலியைத் தேடுவதில்லை.

அதே 'ஸ்' பேசும்போதும் விட்டுப்போகும். காசிமேட்டிலிருந்து என்னிடம் வந்த ஒரு நர்ஸ், ஸ்பீக்கிங் இரண்டாம் பகுதிக்கு மீன் ஏலத்தைப் பற்றிப் பேசிப் பதிந்தார். ஒரு நிமிடம் குறிப்பு எழுதவும், இரண்டு நிமிடம் வரை பேசவும் தருவார்கள். அவர் 50 விநாடியில் நின்றுவிட்டார். கேட்டுப் பார்த்து, "நல்லாதான் சார் இருக்கு" என்றார். பேசியதை ஒரு சொல் விடாமல், 'அ...' என்று இழுத்தது உட்பட, நோட்டில் எழுதச் சொன்னேன். 'மை ஃபாதர் கோ' என்று மூன்று இடம். 'ஆக்சுவலி' ஒன்பது தடவை. காதுக்குத் தப்பியது தாளில் தெரிந்தது.

உடனே எல்லாவற்றையும் திருத்தி அழகான கட்டுரை ஆக்கினால், அடுத்த முறை ஒப்பிக்கத்தான் வரும். அவர் 'கோஸ்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். நோட்டை மூடிவிட்டு, மறுநாள் அதே தலைப்பில் பேசினார். பாதியில் நின்றதற்குக் காரணம் ஆங்கிலம் இல்லை, சொல்ல விஷயம் தீர்ந்ததுதான். எத்தனை மணிக்கு ஏலம், யார் விலை கேட்பார்கள், வஞ்சிரம் எப்படிப் போகும் என்று குறிப்பில் சேர்த்ததும் ஒன்றே முக்கால் நிமிடம் ஓடியது.

உச்சரிப்பு மட்டும் தனியாகப் பிடிபடாது; உங்கள் தப்பு உங்கள் காதுக்குச் சரியாகவே கேட்கும். தலைப்பைச் சொல்லாமல் பதிவைத் தோழியிடம் கொடுத்து, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். 'ஃபைன்' என்று நீங்கள் சொன்னதை அவர் 'பைன்' என்று எழுதினால் அங்கேதான் வேலை. கன்டெய்னர் லாரி ஓயும் நேரமாகப் பார்த்துப் பதியுங்கள். இல்லாவிட்டால் தப்பு வாயிலா, சத்தத்திலா என்றே தெரியாது.