காசிமேடு ஷூட்டிங்: ஸ்கிரிப்டைப் பிரித்து ஷெட்யூல் போடுவது எப்படி?

கேள்வி: காசிமேடு, ராயபுரம் ஏரியாவில் ஒரு சின்னப் படம் பண்றோம். ஆர்ட்டிஸ்ட் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு தேதி சொல்றாங்க, லொகேஷனும் சிதறிக் கிடக்கு. ஸ்கிரிப்டைப் பிரேக்டவுன் பண்ணி ஷெட்யூல் போடறது எப்படி?

பதில்:

ஷெட்யூல் தப்பாகப் போவது பெரும்பாலும் தேதி போடும்போது இல்லை, அதற்கு முன், ஒவ்வொரு சீனுக்கும் என்னென்ன வேண்டும் என்று குறிக்கும் டேக் போடும்போதுதான். அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். 8 சீன், 13 பக்கம் உள்ள ஒரு கற்பனைப் பகுதியை எடுத்துக்கொண்டு, மூன்று நாளில் எப்படி அடக்குவது என்று பார்ப்போம்.

முதலில் சீன் நம்பரைப் பூட்டிவிடுங்கள். பிறகு சீன் சேர்ந்தால் 11ஏ என்று போடலாம். ஒரு சீனைத் தூக்கினால் அந்த நம்பரை வேறு சீனுக்குக் கொடுக்கக் கூடாது. அடுத்து ஒவ்வொரு சீனின் நீளத்தையும் எட்டில் பங்காக அளக்கவும். ஒரு பக்கத்தை எட்டாக மடித்தால் வருவது ஒரு பங்கு. இடது பக்கம் ஆக்‌ஷன், வலது பக்கம் வசனம் என்று எழுதிய ஸ்கிரிப்டாக இருந்தால், எந்தப் பக்கம் அதிகக் கீழே இறங்குகிறதோ அதை அளந்தால் போதும். ஃபான்ட் அளவு மட்டும் கடைசிவரை மாறக் கூடாது. ஒன்றை மறக்காதீர்கள்: இது காகிதத்தின் நீளம்தான், உழைப்பின் நீளம் இல்லை. ‘படகுகள் கடலுக்குள் போகின்றன’ என்பது எட்டில் ஒரு பங்குதான், ஆனால் அரை நாளைத் தின்றுவிடும்.

டேக் போடும்போது ஒரு சீனுக்கு ஒரே வரி எழுதி, அதில் எல்லாவற்றையும் கமா போட்டு அடைப்பதுதான் பலரும் செய்வது. பிறகு அதைப் பிரித்தெடுக்கவே முடியாது. ஒரு பொருளுக்கு ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் ஷீட்டில் tags என்று ஒரு தாள், இப்படி:

```
சீன் | வகை     | பெயர்              | குறிப்பு
12  | நடிகர்    | குமார்              | இடது புருவத்தில் காயம்
12  | நடிகர்    | அம்மா              |
12  | உடை     | குமார் நீலச் சட்டை   | சீன் 11ல் கிழிந்தது
12  | பொருள்   | அப்பா போட்டோ       | முன்கூட்டியே எடுக்கணும்
12  | பொருள்   | தினசரி காலண்டர்    | கதை நாள் 3
```

பெயர் எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு இடத்தில் ‘அம்மா’, இன்னொரு இடத்தில் ‘லட்சுமி’ என்று எழுதினால் ஷீட்டுக்கு அது இரண்டு ஆள். கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டாலும் அப்படித்தான், அது கண்ணுக்கும் தெரியாது. டிராப்டவுன் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சீன் நம்பர் நெடுவரிசையை ‘பிளெய்ன் டெக்ஸ்ட்’ ஆக மாற்றுவதும் முக்கியம். இல்லையென்றால் ஒரு தாளில் எண்ணாகவும் இன்னொரு தாளில் எழுத்தாகவும் இருக்கும் 12 ஒன்றோடொன்று பொருந்தாது.

வசனத்தில் வராதவைதான் எளிதில் விட்டுப்போகும். மேலே இருக்கும் அப்பா போட்டோவையே பாருங்கள். அப்பா படத்தில் ஒரு சீனிலும் இல்லை, அதனால் நடிகர் பட்டியலிலும் இல்லை. ஆனால் 5, 12, 16 மூன்று சீனிலும் சுவரில் தொங்குகிறார். ஒரு ஆளைப் பிடித்து, பழைய சட்டை போட்டு, போட்டோ எடுத்து, ஃபிரேம் போட்டு, முதல் வீட்டு சீனுக்கு முன்னால் சுவரில் மாட்டியாக வேண்டும். இந்த டேக் இல்லாமல் போனால், ஷூட்டிங் அன்று காலையில் ஆர்ட் அசிஸ்டென்ட் ராயபுரம் முழுக்க ஸ்டுடியோ தேடி ஓடுவார்.

இப்போது நம் 8 சீன்கள். துறைமுகத்தில் மூன்று: விடிகாலை ஏலம் சீன் 3 (குமார், ஏலக்காரர், 25 ஜூனியர் ஆர்ட்டிஸ்ட், 1 4/8 பக்கம்), படகு மேல் சண்டை சீன் 11 (குமார், ரவி, பகல், 1 6/8), விடிகாலையில் சீன் 14 (அம்மா, ஏலக்காரர், 7/8). ராயபுரம் வீட்டில் நான்கு: சீன் 5 (குமார், அம்மா, பகல், 2 1/8), மொட்டைமாடியில் சீன் 6 (குமார், ரவி, சாயங்காலம், 1 2/8), சீன் 12 (குமார், அம்மா, இரவு, 2 4/8), சீன் 16 (அம்மா, ரவி, பகல், 1 5/8). டீக்கடையில் சீன் 9 (குமார், ரவி, பகல், 1 3/8).

தேதி: 8 சனி, 9 ஞாயிறு, 10 திங்கள். குமார் மூன்று நாளும் உண்டு. ரவி வேலைக்குப் போகிறவர், சனி ஞாயிறு மட்டும். அம்மாவாக நடிப்பவர் 9, 10 மட்டும். ஏலக்காரர் எந்த நாளும் வருவார், ஆனால் ஒரு நாள் சம்பளம்தான் பட்ஜெட்.

லொகேஷனை ஒன்றாகச் சேர் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் முதலில் அசைக்க முடியாத சீன்களை ஆணி அடித்து நிறுத்த வேண்டும். சீன் 16க்கு அம்மாவும் ரவியும் சேர்ந்து வேண்டும். இருவரும் சந்திக்கும் நாள் ஞாயிறு ஒன்றுதான். அதனால் 16 ஞாயிறு, பேச்சே இல்லை. சீன் 3, 14 இரண்டுக்கும் ஏலக்காரர் ஒரே விடிகாலையில் வேண்டும், 14ல் அம்மா இருப்பதால் அது 9 அல்லது 10. சீன் 11க்கு ரவி, அதனால் 8 அல்லது 9.

லொகேஷனை மட்டும் பார்த்தால் மூன்று துறைமுக சீனையும் ஞாயிறு ஒரே நாளில் முடிக்கலாம், ஆளும் எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் ஞாயிறு காலையில் காசிமேட்டில் மீன் வாங்க வரும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே 25 ஜூனியர் ஆர்ட்டிஸ்டை வைத்து ஃபிரேமைக் கட்டுப்படுத்துவது நடக்காது. கேமராவைப் பார்க்காதவர் ஒருத்தர்கூட இருக்க மாட்டார். அதனால் துறைமுகத்துக்கு இரண்டு தடவை போவதுதான் மலிவு: சனி 11, திங்கள் 3, 14.

சனி: 9, 11 (3 1/8 பக்கம்). ஞாயிறு: 5, 16, 6 (5 பக்கம்). திங்கள்: 3, 14, பிறகு வீட்டில் 12 (4 7/8 பக்கம்). கூட்டினால் 13.

தேதி இடிக்கிறதா என்பதை ஷீட்டே சொல்லட்டும். plan தாளில் சீன் நம்பர், படமாகும் தேதி. dates தாளில் நடிகர் பெயர், வரக்கூடிய தேதி, ஒரு தேதிக்கு ஒரு வரி. பிறகு tags தாளில் E, F நெடுவரிசைகளில் இதைப் போட்டுக் கடைசி வரிவரை இழுத்துவிடுங்கள்:

```
E2: =VLOOKUP(A2,plan!A:B,2,FALSE)
F2: =IF(AND(B2="நடிகர்",COUNTIFS(dates!A:A,C2,dates!B:B,E2)=0),"தேதி இல்லை","")
```

சீனை நாள் மாற்றினால் உடனே யாருக்கு இடிக்கிறது என்று F நெடுவரிசையில் தெரியும். ஆனால் நேரம் இதற்குத் தெரியாது. திங்கள் விடிகாலை 4:30க்கு அம்மாவை வரச் சொல்லி, இரவு சீன் 12ஐ உண்மையான இரவில் எடுத்தால் அவருக்கு 15 மணி நேரம் தாண்டும். 12 வீட்டுக்குள் நடப்பதால், ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிப் பகலிலேயே எடுத்துவிடலாம். அந்தக் கறுப்புத் துணியும் ஒரு டேக். ஞாயிறும் இதே கணக்கு: 5, 16 முடிந்ததும் அம்மாவை நாலு மணிக்கு அனுப்பிவிட்டு, வெளிச்சம் சாய்ந்ததும் மாடியில் 6.

திங்கள் விடியலில் இரண்டு சீனையும் முழுசாக எடுக்க வெளிச்சம் நிற்காது, அந்த நிறம் அரை மணி நேரம்தான். எனவே 3க்கும் 14க்கும் வைடு ஷாட்டுகளை மட்டும் முதலில் எடுத்துவிட்டு, க்ளோஸ்களை ஏலக் கொட்டகை நிழலில் பிறகு எடுக்கவும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, 61 நாள். அந்தக் காலத்தில் படகுகளெல்லாம் கரையில் நிற்கும், ஏலத்துக்கு வரும் மீனும் குறைவு. சீன் 3ஐ அப்போது வைத்தால், மீனை நீங்கள் வாங்கித்தான் பரப்ப வேண்டும்.

இனி கதை நாள் டேக் எதற்கு என்று பார்க்கலாம். வீட்டுச் சுவரில் கிழிக்கும் தினசரி காலண்டர். கதையில் வரிசை 5, 12, 16. நாம் எடுப்பது 5, 16, பிறகு 12. ஞாயிறு 16க்காகத் தாளைக் கிழித்துவிட்டால் திங்கள் 12க்கு அதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் ஒரே காலண்டர் இரண்டு வாங்கி, ஒன்றை 12க்கென்று தனியாக எடுத்து வைக்கவும். சட்டையும் அப்படித்தான். 11ல் கிழிந்த நீலச் சட்டையைத்தான் 12ல் குமார் போடுவார். சண்டையில் ரீடேக் வரும் என்பதால் குறைந்தது மூன்று சட்டை வேண்டும். ஓகே ஆன ஷாட்டில் கிழிந்ததை மட்டும் துவைக்காமல், போட்டோ எடுத்து, கவரில் சீன் நம்பர் எழுதி மூடி வைக்கவும். அக்கறையுள்ள யாராவது இரவில் துவைத்துப் போட்டுவிட்டால் படகின் அழுக்கும் எண்ணெயும் போய்விடும். காயமும் கவனம்: சனி 9ல் காயம் இல்லை, 11ல் உண்டு, அதனால் டீக்கடையை முதலில் எடுக்கவும். காலை வியாபாரம் ஓய்ந்த பிறகு 9 மணிக்கு ஆரம்பித்தால் கடைக்காரருக்கும் சௌகரியம். திங்கள் காலை 3ல் காயம் கிடையாது, அதன் பிறகு 12க்கு மேக்கப். சனி எடுத்த க்ளோஸ் போட்டோ மேக்கப்மேன் கையில் இருந்தால்தான் புருவத்தில் அதே இடத்தில் வரும்.

ஒரு சீனுக்கு ஒரு கலர் பட்டை என்று அடுக்கும் ஸ்ட்ரிப் போர்டில் வைப்பதானால், உள் பகல் வெள்ளை, வெளி பகல் மஞ்சள், உள் இரவு நீலம், வெளி இரவு பச்சை என்பது வழக்கம். 12ஐப் பகலில் எடுத்தாலும் ஸ்ட்ரிப் நீலம்தான், லைட்டிங் ஆட்களுக்கு அதுதான் தேவை.

இந்தத் திட்டத்தின் பலவீனம் சனிக்கிழமை. மழை வந்தால் 11 போய்விடும், பதிலுக்கு எடுக்க உள்ளே நடக்கும் சீன் எதுவும் அன்று கிடையாது, ஏனென்றால் வீட்டு உள் சீன் எல்லாவற்றிலும் அம்மா இருக்கிறார். கூரைக்குக் கீழே எடுக்கலாம் என்றால் டீக்கடை ஒன்றுதான். எனவே ரவியிடம் திங்கள் அரை நாள் லீவு இப்போதே கேட்டு வாங்கி, dates தாளில் ‘தேவைப்பட்டால்’ என்று தனி நெடுவரிசையில் குறித்து வையுங்கள். அப்படி நடந்தால் திங்கள் 14 முடிந்ததும் அதே துறைமுகத்தில் 11ஐ எடுத்து, அந்தக் கிழிந்த சட்டையோடு நேராக வீட்டுக்குப் போய் 12. அன்று 6 5/8 பக்கம் ஆகிவிடும், அதனால் 11ல் எந்த ஷாட்டுகளை வெட்டலாம் என்று வெள்ளிக்கிழமையே டைரக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.