மிகாமல் என்ற ஒரு சொல்

அன்புள்ள ஐயா,

அம்பாசமுத்திரத்தில் விவசாயிகளோடு வேலை செய்யும் சிறிய தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். எங்களுக்கு உதவும் வெளிநாட்டு அமைப்புக்கு, அணை திறப்புச் செய்திக்குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவது என் பொறுப்பு. சென்ற முறை அனுப்பியதைப் படித்துவிட்டு, “117 நாட்களும் தண்ணீர் உறுதி என்பது நல்ல செய்தி” என்று பதில் எழுதினார்கள். குறிப்பு அப்படிச் சொல்லவில்லை. கால்வாயின் பெயரையும் எண்களையும் மாற்றி அதைக் கீழே தருகிறேன்:

“மேலக்கால் பாசனப் பகுதிகளுக்கு, பிசான சாகுபடிக்காக, 05.12.2024 முதல் 31.03.2025 வரை 117 நாட்களுக்கு மிகாமல், நீர் இருப்பு மற்றும் நீர்வரத்தைப் பொறுத்து, தேவைக்கேற்ப, நாள் ஒன்றுக்கு 60 கனஅடி வீதம் தண்ணீர் திறந்துவிட அரசு உத்தரவிட்டுள்ளது. இதனால் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டங்களைச் சேர்ந்த 2,400 ஏக்கர் நிலங்கள் பாசன வசதி பெறும். விவசாயிகள் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தி உயர் மகசூல் பெறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

கடைசி வரி வெறும் சம்பிரதாயம், வெட்டிவிடு என்கிறார் எங்கள் மேலாளர். எதையும் விடாமல், ஆனால் ஆங்கிலமாகவே இருக்கும்படி இதை எப்படி எழுதுவது?

ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதிய ஆங்கிலம் என்னிடம் இல்லை. ஆனால் அந்தப் பதிலிலிருந்தே எது விழுந்துபோயிருக்கிறது என்று தெரிகிறது. ‘மிகாமல்’ விழுந்திருக்கிறது. அதோடு ‘பொறுத்து’, ‘தேவைக்கேற்ப’ என்ற இரண்டும் போயிருக்க வேண்டும். அந்த வாக்கியத்தின் உயிர் இந்த மூன்று சொற்களில்தான் இருக்கிறது. அரசு 117 நாள் தண்ணீர் தருவதாக எங்கும் சொல்லவில்லை. 117 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது. அதற்குள்ளும் அணையில் இருப்பு வேண்டும், வரத்து வேண்டும், வயலுக்குத் தேவையும் வேண்டும். இது ஓர் அனுமதி, அதற்கு ஓர் எல்லை, அந்த எல்லைக்குள் மூன்று நிபந்தனைகள்.

தமிழில் இவை வினைமுற்றுக்கு முன்னால் வரிசையாக வந்து நிற்கின்றன. நம் காது ‘உத்தரவிட்டுள்ளது’ வரும்வரை காத்திருக்கும். ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுகிறது. ‘அரசு உத்தரவிட்டது’ என்று தொடங்கி மற்றதையெல்லாம் வாலில் கட்டினால், படிப்பவர் பாதியிலேயே முடிவுக்கு வந்துவிடுவார். ஆகவே இந்த ஒரு வாக்கியத்தை மூன்றாக உடையுங்கள். முதலில் யார், எந்தக் கால்வாய்க்கு, எதற்காக உத்தரவிட்டார்கள் என்பது. அடுத்ததில் தேதிகளும் 117 நாள் உச்சவரம்பும். மூன்றாவது வாக்கியம் நிபந்தனைகளுக்கு மட்டும்: எவ்வளவு, எத்தனை நாள் என்பது இருப்பையும் வரத்தையும் தேவையையும் பொறுத்தது என்று தனியாக நிற்கட்டும். கூடவே, உத்தரவிட்டதும் திறந்ததும் வேறு வேறு. ‘தண்ணீர் திறக்கப்பட்டது’ என்ற பொருள் உங்கள் ஆங்கிலத்தில் எங்கும் தலைகாட்டக் கூடாது.

உடைக்கும்போது ஏதாவது சிந்திவிடும் என்ற பயம் எனக்கும் உண்டு. அதனால் ஆங்கிலத்தைத் தொடுவதற்கு முன், தமிழ்த் தாளிலேயே ஒவ்வொரு செய்திக்கும் பென்சிலால் எண் போட்டுவிடுவேன். கால்வாய் 1, பிசானம் 2, தொடக்கத் தேதி 3, முடிவுத் தேதி 4, நாட்கணக்கு 5, ‘மிகாமல்’ 6. ‘மிகாமல்’ சொல்லுக்குத் தனி எண் கொடுப்பதுதான் இதில் முக்கியம். 117 என்ற எண்ணோடு சேர்த்து ஒரே எண் கொடுத்தால், 117 வந்ததும் கை ‘சரி’ போட்டுவிடும். நீங்கள் அனுப்பிய மூன்று வாக்கியங்களில் இப்படி 18க்குக் குறையாமல் தேறும். ஆங்கிலம் முடிந்ததும் அந்த எண்களை ஆங்கில வரிகளில் தேடித் தேடி அடிக்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. ‘நாள் ஒன்றுக்கு 60 கனஅடி’ என்பதை அப்படியே ஆங்கிலமாக்கினால், அங்கே உள்ள பொறியாளர் திகைத்துவிடுவார். ஒரு கனஅடி ஏறக்குறைய 28.3 லிட்டர். 60 கனஅடி என்றால் சுமார் 1,700 லிட்டர். வீட்டு மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டுகூட நிரம்பாது. அதை வைத்து 2,400 ஏக்கருக்குப் பாய்ச்ச முடியுமா? நம் செய்திகளில் இந்த வழக்கு வேரூன்றிவிட்டது. அணைத் திறப்பில் கனஅடி என்றால் விநாடிக்கு என்பதே பொருள். ‘நாள் ஒன்றுக்கு’ என்பது அன்றாடம் அந்த அளவில் ஓடும் என்பதைச் சொல்ல வந்து ஒட்டிக்கொண்டது.

இதை ஊகமாக விடாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 60 கனஅடி என்றால் ஒரு நாளைக்கு 51,84,000 கனஅடி. 117 நாளும் ஓடினால் ஏறக்குறைய 60.65 கோடி கனஅடி. 2,400 ஏக்கர் என்பது 10.45 கோடி சதுர அடி. வகுத்தால் வயலில் ஆறடிக்குச் சற்றுக் குறைந்த உயரம் வருகிறது. கால்வாயில் கசிவது, ஆவியாவது எல்லாம் போக, நெல்லுக்கு இது நம்பத் தகுந்த அளவு. நாளைக்கு 60 கனஅடி என்று வைத்துக்கொண்டால் 117 நாளும் சேர்ந்து வயலில் ஒரு தாளின் கனத்துக்குக்கூட நீர் நிற்காது.

அப்படியானால் ‘விநாடிக்கு’ என்று திருத்தி எழுதிவிடலாமா? கூடாது. மூலத்தில் உள்ளதை ஓசைப்படாமல் திருத்துவது, ‘மிகாமல்’ சொல்லை விட்டதற்குச் சமமான பிழை. மூலத்தில் உள்ளபடியே எழுதி, சதுர அடைப்புக்குறிக்குள் ‘மொழிபெயர்ப்பாளர் குறிப்பு’ என்று போட்டு, இது விநாடிக்கு 60 கனஅடி, அதாவது சுமார் 1.7 கனமீட்டர் என்று கருதுகிறோம் எனச் சொல்லுங்கள். அதற்கு முன் நீர்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு, அரசாணையில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டால் ‘கருதுகிறோம்’ என்பதற்கே வேலை இருக்காது. நாட்கணக்கையும் இதேபோல் சரிபார்க்க வேண்டும். டிசம்பரில் 27, பிறகு 31, 28, 31. இரு முனைத் தேதிகளையும் சேர்த்தால் 117 பொருந்துகிறது. பொருந்தாத குறிப்புகளும் வரும். அப்போது இரண்டு எண்களையும் அப்படியே வைத்துவிட்டு, பொருந்தவில்லை என்பதைக் குறிப்பில் சொல்லுங்கள்.

தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 05.12 என்பதை அமெரிக்காவில் மே 12 என்று படிப்பார்கள். ‘வட்டம்’ என்பதற்கு அகராதியைப் பார்த்து ‘சர்க்கிள்’ போட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். தாலுகா என்றே இருக்கட்டும். பிசானத்தையும் மொழிபெயர்க்க வேண்டாம். தாமிரபரணிப் பாசனத்தில் காருக்கு அடுத்து வரும் நெற்பருவம் என்று முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி சொன்னால் போதும். ஏக்கரை ஏக்கராகவே வைத்து, பக்கத்தில் சுமார் 971 ஹெக்டேர் என்று சேருங்கள். ஹெக்டேரை மட்டும் போட்டால், பின்னால் யாராவது அதை ஏக்கராக்கும்போது 2,399 வந்து நிற்கும்.

மேலாளர் வெட்டச் சொன்ன வரியை வெட்டாதீர்கள். தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கேட்டுக்கொண்டார்கள் என்பது செய்தி. கட்டளை இடவில்லை, கேட்டுக்கொண்டார்கள் என்பதும் செய்தி. உங்கள் நண்பர்கள் நீர்ச் சிக்கனத்துக்குப் பயிற்சி நடத்துகிறவர்களானால், முழுக் குறிப்பிலும் அவர்கள் தேடும் வரி அதுவாகவே இருக்கலாம். யார் கேட்டுக்கொண்டார்கள் என்று தமிழ் சொல்லவில்லை. ஆங்கிலத்துக்கு எழுவாய் வேண்டுமே என்று மாவட்ட ஆட்சியரைக் கொண்டுவந்து நிறுத்திவிடாதீர்கள். விவசாயிகளை எழுவாயாக்கி, செயப்பாட்டுவினையிலேயே முடித்துவிடலாம்.

அனுப்பும் முன், தமிழ்க் குறிப்பைப் பார்க்காத ஒருவரிடம் ஆங்கிலத்தை மட்டும் கொடுத்து, “எத்தனை நாள் தண்ணீர் வரும்?” என்று கேளுங்கள். “117 நாள்” என்று அவர் சொன்னால் இன்னும் முடியவில்லை. “அதிகபட்சம் 117, அதுவும் அணையில் இருந்தால்” என்று சொன்னால் தமிழ் மூலத்தையும் இணைத்து அனுப்பிவிடுங்கள்.