செவரன்ஸ் கேள்விக்கு 45 நிமிடத்தில் விடை எழுதுவது எப்படி?

கேள்வி: இங்கிலாந்து நிலச் சட்டத் தேர்வு நெருங்கிவிட்டது. ஜாயின்ட் டெனன்சி, டெனன்சி இன் காமன், செவரன்ஸ் எல்லாம் தனித்தனியாகப் புரிகிறது. நாலு பேர் வீடு வாங்கி, ஆளுக்கொன்று செய்து, பாதிப் பேர் செத்துப்போகும் கேள்வி வந்தால் குழம்பிவிடுகிறேன். எப்படி எழுதுவது?

பதில்:

முதல் ஐந்து நிமிடம் விடை எழுதாதீர்கள். ரஃப் தாளில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் 'சட்ட உரிமை', வலப்பக்கம் 'ஈக்விட்டி' என்று எழுதுங்கள். தேதி வரிசையில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் இரண்டு பக்கத்திலும் யார் மிச்சம் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். குழப்பம் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் வருகிறது. 1925 சொத்துச் சட்டத்தின்படி சட்ட உரிமை எப்போதும் ஜாயின்ட் டெனன்சிதான், அதைப் பிரிக்கவே முடியாது. செவரன்ஸ் நடப்பதெல்லாம் ஈக்விட்டியில்.

ஒரு கேள்வியைப் போட்டுப் பார்ப்போம். ஆனந்த், பீனா, சார்ல்ஸ், தீபா நால்வரும் வீடு வாங்குகிறார்கள். ஈக்விட்டியிலும் ஜாயின்ட் டெனன்ட்ஸ் என்று பத்திரத்திலேயே அறிவித்திருக்கிறார்கள். அப்படியானால் யார் எவ்வளவு பணம் போட்டார் என்ற ஆராய்ச்சி தேவையில்லை. குட்மன் எதிர் காலண்ட் (1986) வழக்கைச் சொல்லிவிட்டு நகருங்கள்.

ஆனந்த் தன் பங்கைக் கையெழுத்திட்ட பத்திரம் மூலம் எஸ்தருக்கு விற்கிறார். இது வில்லியம்ஸ் எதிர் ஹென்ஸ்மன் (1861) சொன்ன முதல் வழி: தன் பங்கின் மேல் தானே செய்யும் செயல். எஸ்தருக்கு 1/4, டெனன்சி இன் காமனாக. மற்ற மூவரும் மீதி 3/4-க்குத் தங்களுக்குள் இன்னும் ஜாயின்ட் டெனன்ட்ஸ்தான். இடப்பக்கத்தில் எதுவும் மாறவில்லை; ஆனந்த் இன்னமும் டிரஸ்டி. இதற்கு ஒரு பத்தி போதும்.

அப்புறம் பீனா, "என் பங்கை இப்போதே பிரித்துக்கொள்கிறேன்" என்று சார்ல்ஸுக்கும் தீபாவுக்கும் தனித்தனிக் கடிதம் அனுப்புகிறார். இரண்டும் வீட்டு வாசலில் வந்து விழுகின்றன. சார்ல்ஸ் இரண்டையும் எடுத்து மேசை டிராயரில் போட்டுவிடுகிறார். தீபா பார்க்கவே இல்லை. அடுத்த நாள் பீனா இறக்கிறார். உயிலில் எல்லாம் தம்பிக்கு.

மதிப்பெண் இருக்கும் இடம் இதுதான், நின்று எழுதுங்கள். உயிலால் செவர் செய்ய முடியாது. ஆகவே எல்லாம் கடிதத்தைப் பொறுத்தது. பிரிவு 36(2)-இன் எழுத்து நோட்டீஸ் மற்ற எல்லா ஜாயின்ட் டெனன்டுகளுக்கும் போக வேண்டும். ஈக்விட்டியில் ஆனந்த் இப்போது அவர்களில் ஒருவர் இல்லை, அதனால் அவருக்கு அனுப்பாதது குறையில்லை. பிரிக்கும் விருப்பம் உடனடியானதாகவும் இருக்க வேண்டும். நீதிமன்றம் வருங்காலத்தில் ஏதாவது உத்தரவிடட்டும் என்று கேட்பது போதாது என்றது ஹாரிஸ் எதிர் கொடார்ட் (1983). பீனாவின் 'இப்போதே' அதைத் தாண்டிவிடுகிறது. தீபா படிக்காதது? பிரிவு 196(3)-இன்படி கடிதம் அவர் வசிக்கும் இடத்தில் விடப்பட்டாலே போதும். கின்ச் எதிர் புல்லார்ட் (1999) வழக்கில், நோட்டீஸ் அனுப்பிய மனைவி கணவருக்கு மாரடைப்பு என்றதும் மனம் மாறி, வந்த கடிதத்தைத் தானே எடுத்து அழித்துவிட்டார். அப்படியும் செவரன்ஸ் செல்லும் என்றது நீதிமன்றம். ஆக பீனாவின் 1/4 தம்பிக்கு. மாணவர்கள் பலர் இந்த இடத்தில் சர்வைவர்ஷிப் என்று எழுதிவிட்டு அதற்குப் பிறகு எல்லாப் பங்கையும் தவறாகவே கணக்குப் போடுகிறார்கள்.

கடைசியாக, தீபாவின் பங்கை சார்ல்ஸ் வாங்குவதாக வாய்ப்பேச்சில் ஒரு விலைக்கு இருவரும் ஒத்துக்கொள்கிறார்கள். மறுவாரம் தீபா அதிகம் கேட்கிறார். சார்ல்ஸ் உயில் எழுதாமல் இறக்கிறார். எழுத்தில் இல்லாததால் அந்த ஒப்பந்தத்தை அமல்படுத்த முடியாது. ஆனால் செவரன்ஸுக்கு அது தேவையில்லை என்றது பர்ஜஸ் எதிர் ரான்ஸ்லி (1975). அங்கேயும் விலை பேசி முடித்தபின் ஒருவர் கூடுதலாகக் கேட்டார். விலை முடிவாகாமல் பேரம் மட்டும் நடந்திருந்தால் கோர் அண்ட் ஸ்னெல் எதிர் கார்பென்டர் (1990) பக்கம் சாயும்: செவரன்ஸ் இல்லை, தீபாவுக்கே 1/2. இரண்டு முடிவையும் எழுதி, உங்கள் கேள்வியின் வாசகங்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இங்கே விலை பேசி முடிந்துவிட்டதால் சார்ல்ஸின் 1/4 அவர் வாரிசுகளுக்கு.

இப்போது தாளைப் பாருங்கள். சட்ட உரிமை சர்வைவர்ஷிப்படி ஆனந்திடமும் தீபாவிடமும். அவர்கள் அதை எஸ்தர், பீனாவின் தம்பி, சார்ல்ஸின் வாரிசுகள், தீபா ஆகியோருக்காக ஆளுக்கு 1/4 என்று டிரஸ்டில் வைத்திருக்கிறார்கள். தன் பங்கை விற்றுவிட்ட ஆனந்தின் பெயர் இங்கே நிற்பது விசித்திரமாகத் தெரியும், ஆனால் அதுதான் சரியான விடை. எஸ்தர் வீட்டை விற்கச் சொன்னால் என்ன ஆகும் என்று கேள்வி கேட்டிருந்தால் மட்டும், 1996 டிரஸ்ட் சட்டத்தின் பிரிவு 14, 15 பற்றிக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு பத்தி எழுதுங்கள்.