கடுகுக்கு இருப்பது காரமா, நெடியா?

கேள்வி: இங்கிலீஷ் ரெசிபியில் வரும் டேங்கி, பஞ்சன்ட், ஷார்ப், பிளாண்ட் இதற்கெல்லாம் தமிழில் என்ன சொல்வது? அகராதியில் பார்த்தால் புளிப்பு, காரம் என்றே வருகிறது.

நீங்களும் வேறு ஊர்ச் சமையலைப் படித்துச் செய்து பார்ப்பவராகத்தான் இருப்பீர்கள். அகராதியை நம்பி நான் ஒரு கிலோ மீனைக் கெடுத்திருக்கிறேன்.

கணவர் வேலைக்காகக் கொல்கத்தாவில் மூன்று வருடம் இருந்தோம். கடுகு அரைத்த மீன் குழம்பின் குறிப்பு ஒன்று கிடைத்தது. கடுகு விழுது 'பஞ்சன்ட்' ஆக இருக்க வேண்டும் என்றிருந்தது. அகராதியில் காரம். சரி என்று, நம் வழக்கப்படி கடுகை எண்ணெயில் பொரியவிட்டு, ஆறு வரமிளகாய் சேர்த்து அரைத்தேன். நாக்கு எரிந்தது. பக்கத்து வீட்டு மாஷிமா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஜால் இருக்கிறது, ஜாஞ்ஜ் எங்கே?" என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் புரிந்தது. வங்காளத்தில் மிளகாய் எரிச்சலுக்கு ஜால், கடுகு மூக்கில் ஏறுவதற்கு ஜாஞ்ஜ் என்று தனித்தனிச் சொல் உண்டு. இரண்டும் வேறு வேறு சங்கதி. மிளகாயின் எரிச்சல் ஆவியாகாத பொருளிலிருந்து வருகிறது, அதனால் நாக்கிலேயே தங்கி, மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கும். கடுகின் வீச்சு ஆவியாகி மூக்குக்குப் போகும். கண்ணில் நீர் வரவைக்கும், அரை நிமிடத்தில் அடங்கிவிடும்.

முழுக்கடுகில் அந்த வீச்சு கிடையாது. பச்சையாக நசுக்கித் தண்ணீர் படும்போது கடுகிலுள்ள ஒரு நொதி வேலை செய்து அதை உண்டாக்குகிறது. சூடான எண்ணெயில் போட்டால் நொதி செத்துவிடும். நம் தாளிப்புக் கடுகு மூக்கில் ஏறாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மாஷிமா சொல்லிக்கொடுத்தது இப்படி. அரைக் கிலோ மீனுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் கடுகை அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு பச்சை மிளகாய், உப்பு, குளிர்ந்த தண்ணீர் சேர்த்து அரைத்து, பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். மூடியைத் திறந்து முகர்ந்தால் மூக்கில் சுருக்கென்று ஏற வேண்டும், ஏறவில்லை என்றால் கடுகு பழசு. அடுப்பில் கொதிக்கும்போது அதில் ஒரு பங்கு போய்விடும் என்பதால், இறக்கியபின் ஒரு ஸ்பூன் பச்சைக் கடுகெண்ணெயை மேலே விடுவார்.

அதனால் கடுகு பற்றிப் பேசும்போது 'பஞ்சன்ட்' என்பதற்கு நான் எழுதுவது நெடி. "மிளகாய் வறுத்தாலும் நெடிதானே" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். உண்மைதான், அதனால் 'மூக்கில் ஏறும் நெடி' என்று முழுசாக எழுதுகிறேன். மிளகாய்க்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் உறைப்பு எவ்வளவு தெளிவான சொல்! "அறுசுவையில் கார்ப்பு இருக்கிறதே" என்பவர்களுக்கும் ஒன்று: மிளகாய் போர்த்துகீசியரோடு வந்தது. அந்தப் பழைய கார்ப்பு மிளகு, திப்பிலி, இஞ்சியை நினைத்துச் சொன்னது. அதை மிளகாய்க்கும் கடுகுக்கும் ஒரே சொல்லாகப் போட்டால் சமைப்பவருக்கு உதவாது.

ஊர் திரும்பியபின் ஒரு பதிப்பகத்துக்காகச் சமையல் புத்தகம் ஒன்றை மொழிபெயர்த்தேன். நான் எழுதிய நெடியை எல்லாம், "அது கெட்ட வாடை மாதிரி இருக்கிறது" என்று எடிட்டர் காரமாக்கிவிட்டார். 'ஷார்ப் செடார்' காரமான சீஸ் ஆனது. அது பல மாதம் பழுக்கவைத்து, புளிப்பும் சுவையும் ஏறிய சீஸ். அதில் காரம் எங்கிருந்து வரும்? நான் எழுதியது 'நன்கு முதிர்ந்த, நாக்கில் சுருக்கென்ற சீஸ்'. ஷார்ப் என்பதற்கு ஒரே சொல் தேடாதீர்கள், சீஸுக்கு ஒன்று, வெங்காயத்துக்கு ஒன்று என்றுதான் வரும். அந்தப் புத்தகத்தில் என் பெயரும் இல்லை, பேசிய பணத்தில் பாதிதான் வந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டிலிருந்து மொழிபெயர்க்கும் பெண்கள் என்றால் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நினைக்கிறார்கள்.

டேங்கிக்கு 'இளம்புளிப்பு' போதும். 'புளித்த' என்று மட்டும் போடாதீர்கள். நம் வீட்டில் தயிர் புளித்துவிட்டது என்றால் அது குறை, அவர்கள் டேங்கி என்று சொல்வது பாராட்டு.

பிளாண்ட் எங்கே வருகிறது என்று பாருங்கள். சாப்பிட்டவர் குறையாகச் சொன்னால் சப்பென்று இருக்கிறது. டாக்டர் வயிற்றுப்புண்ணுக்கு எழுதிக்கொடுத்தால் அது உறைப்பும் புளிப்பும் இல்லாத பத்தியச் சாப்பாடு. அங்கே சப்பென்று என்று போட்டால் நோயாளி ஊறுகாய் கேட்பார்.